கிளினிக் கார்டில் குழந்தையின் வளர்ச்சிக் கோட்டை வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ லெனேசியாவிலோ தடுப்பூசி நாளன்று கிளினிக் வாசலில் சற்று நேரம் நின்றால், வெளியே வரும் தாயிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை கிலோ?" பதில் வந்ததும் ஒப்பீடு தொடங்கிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டு, நம் பிள்ளை ஏழு. மாமியாரின் முகம் வாடும், தாய் கூனிக் குறுகுவாள். அவள் கைப்பையில் இருக்கும் கிளினிக் கார்டில், அரசு தரும் அந்த 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தில், இந்தக் கேள்விக்குச் சரியான விடை வரைந்தே வைக்கப்பட்டிருக்கிறது. பலரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்ப்பவர்களும் கடைசிப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தை ஒரு தாய் தானே வாசிக்கும் அளவுக்கு இங்கே விளக்கப்போகிறேன். முதல் ஒரு வயதையும், எடைக்கான வரைபடத்தையும் மையமாக வைத்துக்கொள்கிறேன். வாசிக்கும் முறை பிடிபட்டுவிட்டால் மற்றப் பக்கங்களும் எளிதாகிவிடும்.

வரைபடத்தில் இருப்பது என்ன

கீழ்க்கோட்டில் குழந்தையின் வயது மாதங்களாகச் செல்கிறது. இடப்பக்கக் கோட்டில் எடை கிலோகிராமில் ஏறுகிறது. நடுவே இடமிருந்து வலமாக வளைந்து ஏறும் சில கோடுகள் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கும். நடுவில் உள்ளது 0 என்று குறிக்கப்பட்ட கோடு. அதற்குக் கீழே -2, -3. மேலே +2, +3. சில தாள்களில் -1, +1 கோடுகளும் இருக்கும்.

நைஜீரியாவில் பணியாற்றிய டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர், தாயே வீட்டில் வைத்துக்கொள்ளும்படி ஒரு வளர்ச்சி அட்டையை உருவாக்கினார். அதில் இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட பாதைக்கு அவர் வைத்த பெயரைத்தான் நம் புத்தகம் இன்றும் சுமக்கிறது. ஒரு இடத்தில் நிற்பதற்கல்ல, ஒரு பாதையில் செல்வதற்கே பெயர் வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

இன்று புத்தகத்தில் உள்ள கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டு வெளியிட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து, புகைபிடிக்காத தாய்க்குப் பிறந்து, நல்ல சூழலில் வளர்ந்த சுமார் 8,400 குழந்தைகளை அளந்து எடுத்த கோடுகள் அவை. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். "நம் இனத்துப் பிள்ளைகள் இயல்பிலேயே சின்னவர்கள், இந்த வெள்ளைக்காரக் கணக்கு நமக்குப் பொருந்தாது" என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. இந்த ஆய்வின் முடிவு அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை. பால், உணவு, சுகாதாரம் சரியாக அமைந்தபோது ஆறு நாட்டுக் குழந்தைகளும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி நீளமாக வளர்ந்தார்கள்.

பெர்சன்டைல் என்றால் மதிப்பெண் அல்ல

அரசு கிளினிக்கில் -2, 0, +2 என்று பேசுவார்கள். தனியார் குழந்தை மருத்துவரிடம் போனால் "பதினைந்தாவது பெர்சன்டைல்" என்பார். இரண்டும் ஒரே கோடுகளைத்தான் வேறு பெயரால் குறிக்கின்றன.

ஒரே வயதுள்ள நூறு ஆரோக்கியமான பெண் குழந்தைகளை எடை குறைந்தவளிடமிருந்து கூடியவள் வரை வரிசையாக நிறுத்திவைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் மகள் பதினைந்தாவது பெர்சன்டைலில் இருக்கிறாள் என்றால், அவளைவிட எடை குறைந்தவர்கள் பதினைந்து பேர் வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று பொருள். அவ்வளவே. நூற்றுக்குப் பதினைந்து மதிப்பெண் வாங்கித் தோற்றுவிட்டாள் என்பதல்ல. அந்த வரிசையில் நிற்கும் நூறு பேரும் ஆரோக்கியமானவர்கள். யாராவது ஒருத்தி முன்னால் நிற்கத்தான் வேண்டும், யாராவது ஒருத்தி கடைசியில் நிற்கத்தான் வேண்டும்.

0 கோடு ஐம்பதாவது பெர்சன்டைல். -1 கோடு ஏறக்குறைய பதினாறாவது, +1 கோடு எண்பத்து நான்காவது. -2 கோடு இரண்டாவதை ஒட்டியது, +2 கோடு தொண்ணூற்று எட்டாவதை ஒட்டியது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது: ஆரோக்கியமான குழந்தைகளிலும் பாதிப் பேர் 0 கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். அந்தக் கோட்டை எட்டுவது எந்தக் குழந்தைக்கும் இலக்கு அல்ல.

முதல் படி: எடையைச் சரியாக எடுப்பது

புள்ளி தவறானால் கோடும் தவறாகிவிடும். அதனால் தராசிலிருந்தே தொடங்க வேண்டும்.

குழந்தையின் உடைகள் அனைத்தையும் கழற்ற வேண்டும், நாப்கின் உட்பட. ஈரமான நாப்கின் ஒன்றே சில நூறு கிராம் வரும். லெனேசியாவின் ஜூலை மாதக் குளிரில் பிள்ளையின் ஜெர்சியைக் கழற்ற எந்தத் தாய்க்கும் மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஜூனில் ஜெர்சியோடும் செப்டம்பரில் சட்டை இல்லாமலும் எடை எடுத்தால், நன்றாக வளர்ந்த குழந்தைகூட வளராததைப் போலத் தோன்றும். ஒரு சால்வையைத் தராசில் விரித்து, அதோடு தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு குழந்தையைக் கிடத்தச் சொல்லுங்கள். குளிரும் அடிக்காது, எடையும் கெடாது.

முடிந்தவரை ஒரே தராசு நல்லது. ஒரு மாதம் மருந்துக்கடைத் தராசு, அடுத்த மாதம் கிளினிக் தராசு என்று மாறினால், இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு குழந்தையின் எடை மாற்றமாகத் தெரியும். புள்ளி எதிர்பாராமல் விழுந்திருந்தால், பதறுவதற்கு முன் "மறுபடியும் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், சிஸ்டர்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. நல்ல நர்ஸ் நீங்கள் கேட்பதற்கு முன்பே அதைச் செய்திருப்பார்.

இரண்டாம் படி: புள்ளியைச் சரியான இடத்தில் வைப்பது

முதலில் தாளைப் பாருங்கள். ஆண் குழந்தைக்கு ஒரு தாள், பெண் குழந்தைக்கு வேறு தாள். ஆறு மாதத்தில் பெண் குழந்தையின் 0 கோடு 7.3 கிலோ; ஆண் குழந்தைக்கு 7.9. மகளின் எடையை மகனின் தாளில் குறித்தால், நடுக்கோட்டில் இருப்பவள் இளைத்தவளாகத் தெரிவாள்.

அடுத்து வயது. நிறைவடைந்த மாதத்தையே எடுக்க வேண்டும். எட்டு மாதமும் இருபது நாளும் ஆன குழந்தைக்கு வயது எட்டு மாதம். 'ஒன்பதாவது மாதம் நடக்கிறது' என்று ஒன்பதின் மேல் புள்ளி வைத்தால் கோடு வீணாக வலப்பக்கம் நகர்ந்து சரிந்தது போலாகிவிடும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த இடத்தில்தான் பெரிய அநியாயம் நடக்கிறது. 32 வாரத்தில் பிறந்தவள் தாயின் வயிற்றில் இன்னும் எட்டு வாரம் இருந்திருக்க வேண்டியவள். அவளுக்குப் பிறந்த நாளிலிருந்து ஆறு மாதம் ஆகும்போது, வரைபடத்தில் வயது ஏறக்குறைய நான்கு மாதம். எடை 5.9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதக் கோட்டில் குறித்தால் -2 கோட்டுக்குச் சற்று மேலே, தாயைக் கலங்கடிக்கும் இடத்தில் விழும். நான்கு மாதக் கோட்டில் குறித்தால் -1 கோட்டுக்கும் 0 கோட்டுக்கும் இடையே வசதியாக அமரும். இரண்டு வயது வரை இந்தத் திருத்தம் தேவை. குறைமாதத்துக் குழந்தை என்றால், ஒவ்வொரு முறையும் எந்த வயதுக்குக் குறித்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: புள்ளிகளை இணைத்துத் திசையைப் பார்ப்பது

வழிகாட்டியின் நெஞ்சுப் பகுதி இதுதான். இரண்டு பெண் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். விளக்குவதற்காக நான் அமைத்த குழந்தைகள் இவர்கள்; ஆனால் இப்படிப்பட்ட இரண்டு கோடுகளையும் எந்தக் கிளினிக்கிலும் பார்க்கலாம். ஒருத்தி வள்ளி, மற்றவள் கௌரி. இருவருக்கும் இன்று ஒன்பது மாதம்.

| வயது | வள்ளி | கௌரி | 0 கோடு |
|---|---|---|---|
| பிறப்பு | 2.6 கிலோ | 3.7 கிலோ | 3.2 கிலோ |
| 2 மாதம் | 4.2 | 5.8 | 5.1 |
| 4 மாதம் | 5.3 | 7.3 | 6.4 |
| 6 மாதம் | 6.1 | 7.9 | 7.3 |
| 9 மாதம் | 6.9 | 8.0 | 8.2 |

கடைசி வரியை மட்டும் பார்த்தால் வள்ளி 6.9, கௌரி 8.0. கௌரி ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல். நடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறாள். வாசலில் நிற்பவர்கள் கௌரியின் தாயைப் பாராட்டுவார்கள், வள்ளியின் தாய்க்கு அறிவுரை சொல்வார்கள்.

இப்போது மேலிருந்து கீழே வாருங்கள். வள்ளி பிறக்கும்போதே -1 கோட்டுக்கும் -2 கோட்டுக்கும் நடுவில் இருந்தாள். இரண்டாம் மாதத்திலும் அதே நடு. நான்கில், ஆறில், ஒன்பதில் அதே நடு. பெர்சன்டைலில் சொன்னால் எப்போதும் ஏழை ஒட்டியே வந்திருக்கிறாள். அவள் கோடு அச்சிட்ட கோடுகளுக்கு இணையாக, அவற்றோடு சேர்ந்து வளைந்து ஏறுகிறது. ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் 800 கிராம் கூடியிருக்கிறாள். அவள் பாதையில் கூட வேண்டியது அவ்வளவுதான். தாயும் தந்தையும் உருவத்தில் சிறியவர்களாக இருந்து, குழந்தை சுறுசுறுப்பாகத் தவழ்ந்து, நீளமும் அதே போக்கில் ஏறினால், வள்ளி சிறிய உடம்போடு நன்றாக வளரும் குழந்தை.

கௌரி நான்கு மாதம் வரை +1 கோட்டின் மேலேயே வந்தாள். அதாவது எண்பத்து நான்காவது பெர்சன்டைல். ஆறாம் மாதத்தில் அந்தக் கோட்டைவிட்டு இறங்கத் தொடங்கினாள். ஒன்பதாம் மாதத்தில் 0 கோட்டுக்குச் சற்றுக் கீழே, நாற்பதை ஒட்டிய பெர்சன்டைலில் இருக்கிறாள். மூன்று மாதத்தில் அவள் கூடியது 100 கிராம். அவள் பாதையில் கூட வேண்டியது ஒரு கிலோவுக்கு மேல். தாளில் பார்த்தால் அச்சுக்கோடுகள் ஏறிக்கொண்டிருக்க, அவள் கோடு மட்டும் தரையைப் போலப் படுத்துவிட்டது. இன்று உட்கார்ந்து பேச வேண்டிய குழந்தை கௌரிதான். அவள் -2 கோட்டைத் தொடும் வரை காத்திருந்தால், குழந்தை உண்மையிலேயே இளைத்த பிறகே நமக்குத் தெரியவரும். ஒரு எடை இன்று எங்கே இருக்கிறாள் என்பதை மட்டுமே சொல்கிறது. கோடுதான் எங்கிருந்து வந்தாள், எந்த வேகத்தில் வந்தாள், எப்போது நின்றாள் என்பதையெல்லாம் சொல்கிறது.

எப்போது நின்றாள் என்பது மிகவும் முக்கியம். அந்த மாதத்தில் வீட்டில் என்ன மாறியது என்று தேடிப் பார்க்க அது வழிகாட்டுகிறது.

சரிவு எல்லாமே ஆபத்து அல்ல

கோடு தானாகவே வளையும் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். பெண் குழந்தையின் 0 கோட்டில் இரண்டாம் மாதம் மட்டும் 900 கிராம் கூடுகிறது. ஆறு முதல் ஒன்பது மாதம் வரை மாதம் 300 கிராம்தான். அதன்பின் ஒரு வயது வரை மாதம் 250 கிராமுக்கும் குறைவு. "முன்பெல்லாம் மாதம் ஒரு கிலோ ஏறுவாள், இப்போது ஏறவில்லை" என்று கவலைப்படும் தாய்மார் பலர். அச்சிட்ட கோட்டோடு சேர்ந்தே வேகம் குறைந்தால் அது இயல்பான வளைவு.

பிறந்த முதல் சில நாட்களில் எடை குறைவதும் இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பவில்லை என்றால் பால் ஊட்டும் முறையை யாராவது அருகில் இருந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது வகை சற்று நுட்பமானது. பிறப்பு எடை பெரும்பாலும் தாயின் கர்ப்பச் சூழலைப் பொறுத்தது. சர்க்கரை நோய் இருந்த தாயின் குழந்தை நான்கு கிலோவுக்கு மேல் பிறக்கலாம். பெற்றோர் சராசரி உருவம் என்றால், அந்தக் குழந்தை முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மெல்ல இறங்கித் தன் குடும்பத்துக்குரிய கோட்டைப் பிடிக்கும். இதைக் கௌரியின் சரிவிலிருந்து எப்படிப் பிரிப்பது? இப்படி இறங்கும் குழந்தை எடையில் கூடிக்கொண்டேதான் இருக்கும். வேகம் மட்டும் சற்றுக் குறைந்திருக்கும். பிறகு ஒரு கோட்டைப் பிடித்து நிலைக்கும். கௌரியின் கோடோ நான்கு மாதம் வரை உறுதியாக நிலைத்து நின்று, பின் திடீரெனப் படுத்தது. ஒரு பாதையில் நிலைத்த குழந்தை அதை விட்டு விலகினால், காரணம் தெரியும் வரை அதை இயல்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்த வாரத்தில் எடை இறங்கும். குணமானபின் இரண்டு வாரம் கழித்து மறுபடி நிறுத்தால், கோடு முன்பைவிடச் செங்குத்தாக ஏறிப் பழைய பாதைக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நான்காம் படி: நீளத்தையும் சேர்த்துப் பார்ப்பது

எடைக் கோடு படுத்தவுடன் அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைப் படுக்கவைத்தே அளக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையின் முனையோடு ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல நீட்டி, பாதத்தைப் பலகையோடு சேர்க்க வேண்டும். தனியாக ஒருவர் அளவு நாடாவால் அளந்தது என்றால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். குழந்தை காலை மடக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காணாமல் போகும்.

எடை படுத்து, நீளம் தன் பாதையில் ஏறிக்கொண்டிருந்தால் சிக்கல் அண்மையில் தொடங்கியது. உணவோ நோயோ சில வாரங்களாகக் குழந்தையைப் பாதிக்கிறது. நீளமும் படுத்திருந்தால் குறை பல மாதங்களாக இருக்கிறது. உடம்பு முதலில் எடையைச் செலவழிக்கும், பிறகுதான் எலும்பின் வளர்ச்சியை நிறுத்தும். இழந்த எடையைச் சில வாரங்களில் மீட்டுவிடலாம், இழந்த நீளத்தை மீட்பது அவ்வளவு எளிதல்ல. கௌரியின் நீளக்கோடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான நேரத்தில் பிடித்துவிட்டோம் என்று அதற்குப் பொருள்.

எடையே பொய் சொல்லும் ஒரு நிலையும் உண்டு. புரதமும் சத்தும் குறைந்த குழந்தையின் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். தராசில் எடை குறையாது, கன்னம்கூட உப்பியிருக்கும். இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால், வரைபடத்தை மூடிவைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கௌரியின் கோடு ஏன் படுத்தது

ஆறாம் மாதத்தை ஒட்டி வீட்டில் என்ன மாறியது என்பதுதான் முதல் கேள்வி. பல வீடுகளிலும் பதில் ஒன்றே. நான்கு மாத மகப்பேறு விடுப்பு முடிந்து தாய் வேலைக்குத் திரும்பினாள். பகலில் ஆயா பார்த்துக்கொள்கிறார். இரவில் மட்டும் தாய்ப்பால்.

அப்போது நான் "என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை. கேட்டால் "எல்லாம் சாப்பிடுகிறாள்" என்ற பதில்தான் வரும். நேற்றுக் காலை கண் விழித்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வேண்டும்.

"காலையில் மீலி மீல் கஞ்சி கொடுத்தேன், சிஸ்டர். தொண்டையில் சிக்கக் கூடாது என்று தண்ணீராகவே காய்ச்சுவேன்" என்பார் ஆயா.

"அதன்பிறகு, ஆயா?"

"பாட்டிலில் ரூய்போஸ், கொஞ்சம் சர்க்கரை போட்டு. மத்தியானம் ரசம் சோறு பிசைந்து இரண்டு வாய். மாலையில் அழுதால் மறுபடியும் ரூய்போஸ்."

அன்போடு கொடுத்தவர் அவர். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழந்தையின் வயிறு சிறியது. எட்டுக் கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஒரு கோப்பையளவுதான் கொள்ளும். அந்த இடத்தைத் தண்ணீர்க் கஞ்சியும் தேநீரும் ரசமும் பிடித்துக்கொண்டால், பசி அடங்கும், வளர்ச்சிக்கு எதுவும் மிஞ்சாது. ஒன்பது மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் உணவிலிருந்து மட்டுமே நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 கலோரி வேண்டும்.

மாற்ற வேண்டியது இவ்வளவே. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கும் அளவுக்குக் கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும். அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நிலக்கடலை வெண்ணெயோ கலக்க வேண்டும். ரசத்துக்குப் பதில் கெட்டியான பருப்பு. தினமும் ஒரு முட்டை, அல்லது கோழி ஈரல், அல்லது டின் பில்சார்ட் மீனை முள் பார்த்து மசித்துக் கொடுக்கலாம். சைவ வீடு என்றால் பருப்பு, பீன்ஸ், தயிர், அவகாடோ. மூன்று நான்கு வேளை. ரூய்போஸ் பாட்டில் அடியோடு நிற்க வேண்டும். தாய் பகலில் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

உணவில் காரணம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. குவாசூலு-நாட்டாலில் காசநோய் பரவலாக இருக்கிறது. வீட்டில் யாருக்காவது காசநோய் சிகிச்சை நடக்கிறதா, குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா, தாய்க்கும் குழந்தைக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை முடிந்ததா என்று கேட்க வேண்டும். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீர்த் தொற்றைப் பார்க்க வேண்டும். இருமல் பெரிதாகத் தெரியாத குழந்தையிலும் எடை ஏறாமல் நிற்பதே காசநோயின் அறிகுறியாக இருக்கலாம். கிளினிக்கில் இவற்றைக் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: அடுத்த புள்ளி

இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்ல வேண்டும், அதன்பின் மாதந்தோறும். அதைவிட அடிக்கடி எடை பார்ப்பதால் பயனில்லை. குழந்தை குடித்த பாலும் போன மலமுமே ஒரு நாளில் எடையை நூறு இருநூறு கிராம் மாற்றிவிடும். வீட்டில் தினமும் தராசில் வைப்பவர்களுக்குப் பதற்றம்தான் மிஞ்சும்.

பத்தாம் மாதத்தில் கௌரி 8.4, பதினொன்றில் 8.8, ஒரு வயதில் 9.2 என்று வந்தால் என்ன பொருள்? மாதம் 400 கிராம் கூடுகிறாள். 0 கோடு அந்த மாதங்களில் 200 முதல் 300 கிராம்தான் ஏறுகிறது. அவள் கோடு அச்சுக்கோட்டைவிடச் செங்குத்தாக ஏறி அதைக் கடந்துவிட்டது. இது மீட்சி. மாதம் 200 கிராம் கூடியிருந்தாலும் தராசில் எண் ஏறியிருக்கும், வீட்டில் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அது இருந்த இடத்தைத் தக்கவைத்துக்கொள்ளவே போதாத வேகம். உணவு மாறியும் ஒரு மாதத்தில் கோடு நிமிரவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

வள்ளிக்குச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. இதுதான் பல வீடுகளுக்குக் கடினமானது. சின்னப் பிள்ளை என்று சொல்லிச் சொல்லி, பாட்டிலில் சீரியல் கரைத்துக் கொடுத்து, தூங்கும்போதும் ஊட்டி, அவளை 0 கோட்டுக்கு இழுக்க முயல்வார்கள். எடைக் கோடு மட்டும் செங்குத்தாக ஏறி, நீளக் கோடு அதே இடத்தில் இருந்தால், கூடியது கொழுப்புதான். கோடுகளைக் கடந்து மேலே போவதும் கீழே போவதைப் போலவே கவனிக்க வேண்டிய விலகல்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

-3 கோட்டுக்குக் கீழே விழுந்த எடை. பாதத்தில் குழி விழும் வீக்கம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழ் இருப்பது, பால் குடிக்க மறுப்பது, குடித்ததெல்லாம் வாந்தியாவது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தடுப்பூசி நாள் வரை தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மேல்கைச் சுற்றளவு 11.5க்கும் 12.5க்கும் இடையே இருந்தால் அந்த வாரத்திலேயே கிளினிக்கில் காட்டுங்கள்.

ஒவ்வொரு முறை எடை எடுத்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டு மழையில் நனையும், டாக்ஸியில் மறந்துபோகும். புதிய கார்டு கிளினிக்கில் கிடைக்கும், ஆனால் அதில் பழைய புள்ளிகள் இருக்காது. படம் இருந்தால் தேதியையும் எடையையும் பார்த்து நர்ஸ் அத்தனை புள்ளிகளையும் புதிய தாளில் மறுபடி குறித்துக் கொடுத்துவிடலாம்.